நான் சொல்லிவைத்த ஐந்து பேர்

முப்பத்திரண்டு வருடம் மதுரைப் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஒரு மாணவனுக்கும் சும்மா ஒரு மார்க் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, என் சொந்த மகனுக்குத்தான் முதன்முதலாகக் கேள்வித்தாளை வெளியே விட்டேன். அது அப்போது அவனுக்கே தெரியாது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. தெருவில் இருப்பவர்கள், கடைக்காரர்கள், பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் தன்னைப் பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்வான். மாத்திரைகளால் அந்த எண்ணம் மெல்லத் தணிந்தது. ஆனால் அதற்குள் ஏழெட்டு வருடம் போய்விட்டது. மனிதர்களிடம் பேசுகிற பழக்கமே அவனை விட்டுப் போயிருந்தது. அவன் அம்மா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களுக்குக்கூட அவனால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை.

டாக்டர் அவனை ஒரு பகல்நேர மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். தொண்ணூறுகளின் கடைசி அது. செவ்வாயும் வெள்ளியும் சமூகத் திறன் பயிற்சி. எட்டுப் பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடத்துபவர் ஒரு சமூகப் பணியாளர். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். முதல் நாள் மட்டும், குழுவில் எல்லோரும் சம்மதித்ததால், என்னைப் பின்னால் உட்கார அனுமதித்தார்கள்.

அன்றைய பாடம், கடையில் ஒரு பொருளைக் கேட்பது. முகத்தைப் பார்ப்பது, வேண்டியதைத் தெளிவாகச் சொல்வது, பதிலைக் கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்வது. மேடம் மூன்றையும் கரும்பலகையில் எழுதினார். தன் உதவியாளரோடு சேர்ந்து முதலில் தானே நடித்துக் காட்டினார். பிறகு என் மகனை அழைத்தார். ஒரு மேசைதான் கடை. முன்பு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் கடைக்காரராக உட்கார்ந்தார். இவன் மேசையைப் பார்த்தபடியே நின்றான்.

"என்ன மாப்ள, கடையைத் தொறந்து வச்சு எம்புட்டு நேரமா உக்காந்திருக்கேன், மேசையை வெல பேசுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவனும் லேசாகச் சிரித்து, "ரூல் போட்ட நோட்டு இருக்கா?" என்றான். மேடம் முதலில் எது நன்றாக இருந்தது என்று குழுவிடம் கேட்டார். குரல் கேட்டது என்றார் ஒருவர். சிரித்தார் என்றார் இன்னொருவர். அடுத்த முறை முகத்தைப் பாருங்கள் என்று ஒன்றை மட்டும் மேடம் சொல்லி, மறுபடி நடிக்க வைத்தார். இரண்டாம் முறை பார்த்தான்.

அதையே நிஜக் கடையில் செய்துவிட்டு, யாரிடம் கேட்டான், என்ன சொன்னான், எப்படி இருந்தது என்று தாளில் எழுதி வர வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம். சிம்மக்கல்லில் ஒரு நோட்டுக்கடை வரை போய், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். தாள் வெறுமையாக இருந்தது.

"முடியாம வந்தாலும் பரவாயில்ல சார்," என்றார் மேடம். "எங்க நின்னுடுச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து சின்னதாக் குடுக்க முடியும். நீங்க ஞாபகப்படுத்துங்க, போதும். அவருக்காகச் செய்யாதீங்க."

எனக்குப் புரிந்தது. ஆனால் வெறும் தாளோடு அவன் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. நோட்டுக்கடைக்காரர் என் பழைய மாணவர். மறுநாள் காலை அவரிடம் போனேன். "என் மகன் வருவான். அவசரப்படுத்தாதே. நான் சொன்னேன்னு காட்டிக்காதே" என்றேன்.

"இதுக்கு ஏன் சார் இம்புட்டுத் தயங்குறீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

தாள் நிறைந்தது. பிறகு டீக்கடைக்காரர், வெற்றிலைக் கடைக்காரர், தையற்காரர், நூலகத்தில் புத்தகம் பதிகிறவர். ஆறு வாரத்தில் ஐந்து பேரிடம் சொல்லி வைத்தேன். குழுவில் அவனுக்குக் கை தட்டினார்களாம். சாப்பிடும்போது, "வெத்தலைக் கடைக்காரர் எம்புட்டு நல்லாப் பேசுறாருப்பா. இன்னைக்குத்தான் சோழவந்தான்லருந்து கட்டு வந்துச்சாம்" என்று அவனாகவே சொன்னான். நான் தலையாட்டினேன்.

ஒரு நாள், வீட்டுப்பாடம் எதுவும் இல்லாமல், தானாகவே டீக்கடைக்குப் போயிருக்கிறான். மேடம் எதிர்பார்த்துக் காத்திருந்ததே அதைத்தான். டீக்கடைக்காரர் பிரியமாகத்தான் கேட்டிருக்கிறார்.

"என்ன தம்பி, இன்னைக்கும் பாடமா? சார் ஒண்ணும் சொல்லி விடலையே."

வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றான். "எத்தனை பேர்கிட்டச் சொன்னீங்க?"

"அவர்கிட்ட மட்டும்தான்" என்றேன். அது இரண்டாவது தவறு. கொஞ்ச நேரம் கழித்து ஐந்து பேரையும் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. "எல்லாரும் என்னைப் பத்திப் பேசி வச்சிருக்காங்கன்னு நான் அப்பவே சொன்னேன். டாக்டர் இல்லன்னாரு. நீங்களும் இல்லன்னீங்க" என்றான்.

அதன்பிறகு வெளியே போகவில்லை. டாக்டரிடமும் நான் சொல்லி வைத்திருப்பேன் என்று மாத்திரையை நிறுத்தினான். இரண்டு மாதத்தில் அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவனைப் பிடித்திருந்த எண்ணத்துக்கு நானே என் கையால் சாட்சி சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "நீங்க சொல்லாத ஆளுகளும் அவர்கிட்டப் பேசியிருப்பாங்கல்ல? தபாலாபீஸ்ல ஸ்டாம்ப் வாங்குனாரு, பஸ்ல இடம் கேட்டாரு. அதெல்லாம் அவரோடது. எது உங்க வேலை, எது இல்லன்னு உள்ளபடியே சொல்லுங்க" என்றார்.

இரண்டு பட்டியலாக எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து படித்தான்.

"இதையும் மேடம் சொல்லித்தான எழுதுனீங்க?"

"ஆமா."

தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். நம்பினானா என்று எனக்குத் தெரியாது.

திரும்பவும் குழுவுக்குப் போக அவனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நான் மையத்துக்கு வரக்கூடாது, தாளைப் பார்க்கக்கூடாது என்று சொன்னான். மேடம் அதை ஏற்றார், நானும் ஏற்றேன். அவன் எந்தக் கடையில் என்ன கேட்டான், எங்கே முடியாமல் திரும்பினான் என்பது எதுவும் பிறகு எனக்குத் தெரியாது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க கடைக்காரங்ககிட்ட முன்னாலயே சொல்லி வச்சது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நானாப் பேசுனேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இனிமே என்னைக் கேக்காம யார்கிட்டயும் என்னைப் பத்திப் பேசாதீங்க."

மனவருத்தத்தைச் சொல்வது எப்படி என்றும் அங்கே ஒரு பாடம் உண்டு என்பதை நான் அறிவேன். நிதானமாகப் பேச வேண்டும், என்ன நடந்தது, தனக்கு எப்படி இருந்தது, இனி என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒன்றையும் அவன் விடவில்லை.

"நல்லாச் சொன்ன. குரலும் சரியா இருந்துச்சு" என்றேன்.



"அப்பா, இது வீட்டுப்பாடம் இல்ல."

மடியில் இருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். என் மகன் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் திருத்திக்கொண்டிருந்தேன்.

"தப்புத்தான். இனிமே உன்னைக் கேக்காமப் பேச மாட்டேன்" என்றேன்.

"சரி" என்று எழுந்து உள்ளே போனான்.

இப்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இதை எழுதலாமா என்று போன மாதம் அவனிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னான்.

"யார் பேரும் போடாம எழுதுங்க."

எழுதியதும் படித்துப் பார்க்கிறாயா என்றேன். வேண்டாம் என்றான்.