தடை உத்தரவின் பதினொன்றாம் நாள்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் என்று ஸுபத்ராவை அவள் கணவர் முரளீதரன் கேலி செய்வார். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபது வருஷம் வணிகவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் உறுப்பினராகப் போனாளே, அதைத்தான் சொல்வார். சின்ன காஞ்சிபுரத்தில் காலையில் பஸ் ஏறி, வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய், அமர்வுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சொற்ப மதிப்பூதியத்துக்கு இடுப்பு ஒடிய வேண்டும். மூன்று நாற்காலிகளில் ஒன்று பெண்ணுக்கு என்று சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலிதான் அவளுடையது. நடுவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, தலைவர். மறுபக்கம் உமாபதி, கூட்டுறவுத் துறையில் இருந்தவர்.

2000-ஆம் வருஷம் ஆகஸ்டில் ஸுபத்ரா பத்து நாள் டைஃபாய்டில் படுத்தாள். அந்த நாட்களில்தான் தணிகாசலத்தின் புகார் விசாரணைக்கு வந்தது.

தணிகாசலம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடுகிறவர். சாயம் ஏறுவதற்கு முன் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்க வேண்டும். விறகு கட்டுப்படியாகவில்லை என்று, தண்ணீரில் முக்கிவைக்கும், சிவப்புப் பிடி போட்ட மின்சார வாட்டர் ஹீட்டர் ஒன்றைக் கடையில் வாங்கிவந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி காந்தா அண்டாவில் நூலைப் புரட்டக் கை வைத்தாள். அவ்வளவுதான், கையை எடுக்கவே இல்லை.

மன்றம் அந்த ஹீட்டருக்கு முத்திரை வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தது. எர்த் கம்பி உள்ளே எதிலும் இணைக்கப்படவில்லை, சூடேறினால் மேலுறை விரிசல் விடுகிறது, இது இந்த ஒன்றில் மட்டும் வந்த குறையல்ல, தயாரிப்பே அப்படித்தான் என்று அறிக்கை வந்தது. இதைப் படித்த பிறகு வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஹீட்டர் தயாரித்த கம்பெனியின் வக்கீலுக்கு வேறொன்று தோன்றியது.

“இவர் நுகர்வோரே அல்ல” என்றார். “பில் ‘தணிகாசலம் டையிங் ஒர்க்ஸ்’ பேரில் இருக்கிறது. புகாரே லெட்டர்ஹெட்டில் வந்திருக்கிறது, உரிமையாளர் என்று கையெழுத்து. நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்த மன்றத்தில் இடமில்லை.”

தலைவர் அதை ஏற்றார். உமாபதி ஏற்கவில்லை. இருவர் உட்கார்ந்து கேட்டு இருவரும் வேறுபட்டால், வேறுபட்ட விஷயத்தை எழுத்தில் வைத்து மூன்றாமவரிடம் அனுப்ப வேண்டும். பெரும்பான்மை எதுவோ அதுவே ஆணை. காய்ச்சல் தெளிந்து வந்த ஸுபத்ராவின் மேஜையில் ஒரே ஒரு கேள்வி காத்திருந்தது: தணிகாசலம் நுகர்வோரா?

அல்ல என்றால் புகார் தள்ளுபடி. அவர் சிவில் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளலாம். அபாயமான பொருளை விற்காதே, விற்பனையிலிருந்து திரும்பப் பெறு என்று இந்த மன்றம் போடக்கூடிய ஆணை மட்டும் போடப்படாமலே போய்விடும். வழியில் மூங்கில் மண்டபத்துப் பக்கம் இரண்டு கடைகளில் அதே சிவப்புப் பிடி தோரணமாகத் தொங்குவதை ஸுபத்ரா தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்தாள்.

விசாரணை நாளில் இருதரப்பையும் கேட்டுவிட்டு, தணிகாசலத்தை அவளே கேட்டாள்.

“உங்ககிட்ட நாலு பேர் வேலை செய்யறதா எழுதியிருக்கீங்க. யார் யார்?”

“நானு ஒண்ணும்மா. என் மச்சான் வேல்முருகன் ஒண்ணு. எங்கம்மா ராட்டை சுத்திக்கினு இருக்குது, அது ஒண்ணு...” விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

“நாலாவது?”

“காந்தாம்மா. அதான் செத்துப்போச்சே. எழுதும்போது வாய்ல நாலுன்னு வந்துட்ச்சு.”

“கூலிக்கு ஆள்?”

“கூலி குடுக்க எங்கம்மா போறது?”

“அப்புறம் எதுக்கு இந்த லெட்டர்ஹெட், உரிமையாளர் எல்லாம்?”

தணிகாசலம் தலையைத் தொங்கப்போட்டார். “சும்மா தணிகாசலம்னு போய் நின்னா பட்டுக்காரங்க நூலை நம்பிக் குடுக்க மாட்டாங்கம்மா. பேர் அடிச்ச காகிதம் இருந்தாத்தான் நாற்காலி போடுவாங்க. எங்க பேட்டைல அல்லாரும் முதலாளிதாம்மா.”

உமாபதி சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்தார்.

சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கமாகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஸுபத்ரா அதை எடுத்து எழுதி, குடும்பத்தார் கைகொடுப்பது கூலிக்கு ஆள் வைப்பதல்ல என்று முடித்தாள். உமாபதியோடு சேர்ந்து இரண்டு பேர். பெரும்பான்மை. இரண்டு லட்சம் இழப்பீடு. அந்த ஹீட்டரை இனி விற்கக்கூடாது, கடைகளில் இருப்பதைத் திரும்பப் பெற வேண்டும். மூவரும் கையெழுத்திட்டார்கள். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது. தணிகாசலம் கும்பிட்ட கும்பிடு கண்ணிலேயே நின்றது, அவளுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

தோரணம் இரண்டு கடைகளிலும் இறங்கியது. ஒரு மாதம் கண்ணில் படவில்லை.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். கம்பெனி இருபத்தொன்பதாம் நாள் சென்னையில் மாநில ஆணையத்தில் தாக்கல் செய்தது. வழக்கம்போல அந்தத் தரப்பை மட்டும் கேட்டு ஆணையம் இடைக்காலத் தடை கொடுத்தது, தணிகாசலத்துக்கு நோட்டீஸ். மேல்முறையீடு முடியும்வரை ஆணை முழுவதற்கும் தடை. இழப்பீடு வேறு, விற்பனை வேறு என்று பிரித்துக் கேட்க அங்கே எதிர்த்தரப்பில் யாரும் இல்லை. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. தலைவர் அவளைத் தேற்றினார். “அங்கே தோற்றாலும் டெல்லியில் தேசிய ஆணையம் இருக்கிறதம்மா, சீராய்வுக்குப் போகலாம். நம் வேலை முடிந்தது.”

மறுவாரமே மூங்கில் மண்டபத்துக் கடைகளில் சிவப்புப் பிடிகள் மறுபடி தொங்கின. ஸுபத்ரா ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்காரரிடம் போனாள். உறுப்பினராகப் போகக்கூடாது என்று தெரியும். வாங்க வந்தவளைப் போல நின்றாள்.

“இதுல ஏதோ பிரச்சினைன்னு சொன்னாங்களே?”

“அதெல்லாம் மெட்ராஸ்ல தடை வாங்கிட்டாங்கம்மா. ஒண்ணும் பயமில்ல, மார்கழி வருது, குளிருக்கு நல்லா ஓடும்” என்றார் அவர், சிரித்த முகமாக.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை இரவெல்லாம் புரளவைத்தது. முரளீதரனிடம் சொன்னபோது, முதல்தடவையாக அவர் கேலி செய்யவில்லை.

ஜனவரி கடைசியில் புதுப் புகார்கள் ஏற்புக்காக மேஜைக்கு வந்தன. மூன்றாவது புகாருக்குக் கூரத்திலிருந்து மணியம்மாள் என்ற பெண் வந்திருந்தாள். பக்கத்தில், அவளுக்கு வழி காட்டி அழைத்து வந்தவராகத் தணிகாசலம் நின்றார். பிரசவத்துக்கு வந்த மகள் துளசி, குழந்தையைக் குளிப்பாட்ட அதே சிவப்புப் பிடி ஹீட்டரில் வெந்நீர் போட்டிருக்கிறாள். பத்தொன்பது வயதில் போய்விட்டாள்.

புகாரோடு பில் இணைத்திருந்தது. ஸுபத்ரா தேதியைப் பார்த்தாள். தடை கிடைத்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். பதினொன்றாம் நாள்.

“இதை விக்கக்கூடாதுன்னு நீங்க எழுதிட்டீங்களாமே, இவர் சொன்னாரு” என்றாள் மணியம்மாள். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அப்புறம் எப்பிடிம்மா எங்க வூட்டுக்கு வந்துச்சு?”

தலைவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உமாபதி ஜன்னலைப் பார்த்தார். மணியம்மாள் ஸுபத்ராவையே பார்த்தபடி பதிலுக்காக நின்றாள். ஸுபத்ரா பேனாவை எடுத்து, புகார் ஏற்கப்பட்டது, எதிர்த்தரப்பினர் முப்பது நாளில் பதிலுரை தாக்கல் செய்ய நோட்டீஸ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.