அஷ்டமியில் எழுதிய காசோலை

நூல் கம்பெனியில் வரதராஜுலு முப்பத்தொரு வருஷமாகக் கணக்கர். எதையும் வாயால் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. "எழுதிக் குடுங்க" என்பார். அடுத்த மார்ச்சில் ஓய்வு. ஒரு ரூபாய் பிசகாதவர் என்ற பேரோடு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

புதிதாகச் சேர்ந்த அன்புக்கரசி அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, ஆகஸ்ட் மாத வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலை ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தர வேண்டுகிறேன். புத்தகப்படி இருப்பு 4,18,250. வங்கிப்படி 4,60,250. வித்தியாசம் 42,000, சோமனூர் தறிக்காரர் பாலுசாமிக்கு நெசவுக் கூலியாக ஏப்ரலில் எழுதிய காசோலை. இன்னும் வங்கிக்கு வரவில்லை. மூன்று மாதம் தாண்டியதால் இனி அது செல்லாது. தொகையைப் புத்தகத்தில் திருப்பி வரவு எழுதலாமா? தவறாக நினைக்க வேண்டாம்."

தவறாகத்தான் நினைத்தார். நேற்று வந்த பெண் என் கணக்கைப் பார்க்கிறாளா? ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நாலு பட்டியலிலும் அவரே அந்த வரியைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பாலுசாமி எங்கேயோ தொலைத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

பஞ்சாங்கத்துக்கு அடியில் காசோலை பத்திரமாக இருந்தது. எழுதிய அன்றைக்கு அஷ்டமி. மூணாம் நாள் அனுப்பலாம் என்று வைத்தவர்தான், மறந்தே போனார்.

கிழித்துப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கடிதம் ஒன்று கையில் இருக்கிறதே. அதன் அடியிலேயே எழுதினார்: "சரிபார்த்தேன். பட்டியல் சரி. காசோலை என் மேஜையில் இருந்தது. ரத்து செய்து புத்தகத்தில் திருப்பி வரவு எழுதவும்."

அன்புக்கரசி படித்துவிட்டுத் தயங்கினாள். "சார், மேஜையில இருந்ததுன்னு வேண்டாமுங்களே. இது ஃபைலுக்குப் போறதுங்க."

"போகட்டும் அம்மணி. உங்களை எழுதிக் குடுக்கச் சொன்னவன் நான்தானே."

முதலாளி படித்தார், ஒன்றும் சொல்லாமல் புதுக் காசோலையில் கையெழுத்துப் போட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று செப்டம்பர் இருபத்தொன்பது. பஞ்சாங்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் வரதராஜுலு சோமனூர் பஸ் ஏறினார்.

தறிச் சத்தத்துக்கு நடுவே பாலுசாமி ஓடி வந்தார். "ஏனுங்க சார், நீங்களே வந்துபோட்டீங்க?"

"அஞ்சு மாசமா ஏன் கேக்கலீங்க?"

"கேட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு விட்டுப்போட்டேனுங்க. வட்டிக்கு வாங்கிச் சமாளிச்சுக்கிட்டேன்."

வரதராஜுலு காசோலையை நீட்டினார். பாலுசாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"இன்னிக்கு அஷ்டமியாப் போச்சுங்க. நாளைக்கு நவமி. நாளன்னிக்கு பேங்குல போட்டுக்கறனுங்க."

அதற்குள் அக்டோபர் பிறந்துவிடும்; செப்டம்பர் பட்டியலிலும் பாலுசாமி பேர் வரும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் பஸ்சுக்கு நடந்தார்.