இருபத்தைந்தும் ஐம்பதும் சேர்ந்தால்

அண்ணன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கேக் வாங்கி வருவதாக அண்ணியின் அம்மா போனில் சொன்னார். என் அம்மா யோசிக்கவே இல்லை.

"கேக்கெல்லாம் கொண்டாராதீங்க சம்மந்தி. எங்க பொண்ணு அதுக்குத்தான் படிச்சிருக்கு. க்ரீம் கேக்கு அதுவே பண்ணிடும்."

போனை வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். "பண்ணிடுவ இல்ல?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் ஐந்தாவதோடு ஏர் பின்னால் போனான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் பன்னிரண்டாவது முடித்து, செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய் வந்து கேட்டரிங் படித்து, இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். பட்டுத்தறி வைத்திருக்கும் சம்பந்தி வீட்டில் என் அண்ணி வரைக்கும் எல்லாருமே படித்தவர்கள். அதனால் அம்மா அந்த போனில் பணயம் வைத்தது கேக்கை மட்டும் அல்ல என்பது எனக்குப் புரிந்தது. "இதுகூடவா தெரியாது?" என்று நான் வேண்டுமானால் அவளிடம் கேட்கலாம், வேறு யாரும் கேட்கக் கூடாது.

பேக்கரியில் ஸ்டாக் தீர்ந்திருந்ததால் அங்கிருந்து விப்பிங் க்ரீம் எடுத்துவர முடியவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் கடைகளில் கிடைத்தது அட்டை டப்பாவில் வரும் சாதாரண க்ரீம்தான். நான்கு டப்பா வாங்கினேன். அதில் கொழுப்பு நூற்றுக்கு இருபத்தைந்து. அடித்தால் நிற்க வேண்டுமென்றால் குறைந்தது முப்பதாவது வேண்டும், முப்பத்தைந்து இருந்தால் நிம்மதி. கொழுப்பு உருண்டைகள் காற்றுக் குமிழைச் சுற்றி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதுதான் விப்பிங். இருபத்தைந்தில் பிடித்துக்கொள்ளப் போதுமான ஆள் இல்லை.

படிக்கும்போது எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் உண்டு. சிங்கிள் க்ரீம் பதினெட்டு: பழத்தின் மேல் ஊற்றலாம், எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. விப்பிங் முப்பத்தைந்து. டபுள் நாற்பத்தெட்டு: சீக்கிரம் எழும்பும், அதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும், ஆனால் கொதிக்கும் குழம்பில் ஊற்றினாலும் திரியாது. கடைசியில் பாலாடை. அதற்கு நேராக எண் எதுவும் இல்லை. அந்தந்த வீட்டுப் பாலைப் பொறுத்தது என்று டீச்சர் சொன்னதால் வெறுமனே கோடு போட்டிருந்தேன்.

அம்மா பத்து நாளாக எருமைப்பால் ஆடையை எடுத்து ஃப்ரீசரில் ஒரு தூக்கு நிறைய சேர்த்து வைத்திருந்தாள். பார்த்ததும் மனம் கணக்குப் போட்டது. எருமைப்பால் ஆடை எப்படியும் ஐம்பது இருக்கும். டப்பா க்ரீம் இருபத்தைந்து. பாதிக்குப் பாதி கலந்தால் முப்பத்தேழரை. பெருமையாக இருந்தது. அம்மாவையும் உட்கார வைத்து விரல் விட்டு விளக்கினேன்.

"அப்படியா?" என்றாள். "நூத்துக்கு முப்பத்தேயரை. சரி, நீ சொன்னா சரிதான்."

பிறந்தநாளன்று விடியற்காலையிலேயே ஐஸ் மேல் பாத்திரத்தை வைத்து கரண்ட் பீட்டரை ஓட்டினேன். முதலில் தளதளவென்று இருந்தது. பிறகு ரவை போல மணிமணியாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்று ஓட்டினேன். ஓரத்தில் தண்ணீர் ஓடியது, நடுவில் மஞ்சள் உருண்டை திரண்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "வெண்ணெ! இதுக்கு மத்து போதாதா? கரண்ட்டு இன்னாத்துக்குச் செலவு பண்ணிக்கினு கீற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சாயங்காலம் வந்துடுவாங்கம்மா."

அவள் முகமும் மாறியது. "போன் பண்ணி வாங்கிக்கினு வரச் சொல்லட்டுமா?" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. அந்தக் குரலில் அவள் அவர்களிடம் பேசுவதை நான் கேட்க விரும்பவில்லை.

வெண்ணெய் உருண்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். கூட்டலில் தப்பில்லை. கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்தேன், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. காய்ச்சி, ஆறவிட்டு, ஆடையை வழித்து, பத்து நாள் உறைய வைத்ததில் கொழுப்பு உருண்டைகளின் மேல்தோல் கிழிந்திருக்கும். கிழிந்த கொழுப்பு காற்றைச் சுற்றி நிற்காது, ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகிவிடும். எனக்கு வேண்டியது காய்ச்சாத பாலிலிருந்து பிரித்த க்ரீம்.

அது எங்கே கிடைக்கும் என்று யோசித்ததும் வண்டியை எடுத்தேன். என்னோடு எட்டாவது வரை படித்த ஒருத்தி கல்யாணமாகிப் போன வீட்டில் நெய் காய்ச்சி விற்கிறார்கள். கறந்த பாலைச் சூடு ஆறுவதற்குள் செபரேட்டர் மெஷினில் சுற்றி, க்ரீம் ஒரு மூக்கிலும் கொழுப்பெடுத்த பால் இன்னொரு மூக்கிலும் வருமாறு பிரிப்பார்கள்.

"இன்னாடி, பட்டணத்துப் பேக்கரிக்காரம்மா பால்காரி வூட்டுக்கு?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள். "எருமை ஆடையில கேக்கா? உன் படிப்ப நம்பி எங்க வூட்டுக்காரரு, கணக்குல நீ பெரிய ஆளுன்னு வேற பேசிக்கினு கீறாரு."

"சிரிச்சது போதும்டி, ஒரு சொம்பு க்ரீம் குடு. எவ்ளோ ஃபேட்டு கீது இதுல?"

"யாருக்குத் தெரியும்? நெய்க்கு எவ்ளோ கெட்டியோ அவ்ளோ நல்லது."

பால் வாங்கும்போது கொழுப்பு பார்க்கும் மெஷின் அவளிடம் இருந்தது. ஆனால் அது பாலுக்கானது, க்ரீமை விட்டால் எண் காட்டாது. ஒரு கரண்டி க்ரீமை ஒன்பது கரண்டி கொழுப்பெடுத்த பாலில் கரைத்து மெஷினில் விட்டேன். 5.2 என்று காட்டியது.

"அஞ்சுதானா?" என்றாள் அவள்.

"பத்தால பெருக்குடி. அம்பத்திரண்டு."

அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

பத்துக் கரண்டி க்ரீமுக்கு நாலு கரண்டி கொழுப்பெடுத்த பால் என்று கலந்தால் முப்பத்தேழு. அப்படியே கலந்து வாங்கிவந்து, வீட்டில் அதைக் கொதிக்க விடாமல், ஆவி நன்றாக வரும்வரை கிளறிச் சூடாக்கி, தண்ணீரில் வைத்து ஆற்றி, எட்டரைக்கெல்லாம் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தேன். கொழுப்பு உள்ளே இறுக ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். அதுவரை அதைத் தொடக் கூடாது, அந்த நேரத்தில் கேக்கைச் சுட்டு ஆற வைத்தேன். அம்மா நாலு தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். நாலு தடவையும் திட்டி, ஆடை ஏன் வெண்ணெயானது, இது ஏன் ஆகாது என்று விளக்கினேன்.

நடுவில் மதியம் பன்னீர் மசாலா. காலையில் திரண்ட வெண்ணெயிலேயே அம்மா வெங்காயத்தை வதக்கினாள். தக்காளி கொதிக்கும்போது மீதி டப்பா க்ரீமை ஊற்றப் போனவளின் கையைப் பிடித்தேன். "அடுப்ப அணைச்சிட்டு ஊத்தும்மா. கொழுப்பு கம்மி, புளிப்புல கொதிச்சா திரிஞ்சிடும்." முறைத்தபடியே அணைத்தாள்.

மூன்று மணிக்குப் பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும்கூடக் குளிரவைத்து அடித்தேன். இந்த முறை மெல்ல எழுந்தது. கம்பி போன வழியில் கோடு நின்றது. கம்பியைத் தூக்கினேன், நுனி வளைந்து அப்படியே நின்றது. அந்த இடத்திலேயே நிறுத்தினேன். இன்னும் அரை நிமிஷம் ஓட்டியிருந்தால் மறுபடி வெண்ணெய்தான். அம்மா விரலால் தொட்டுப் பார்த்து, நக்கி, புடவை மாற்றிக்கொள்ளப் போனாள்.

ஆறு மணிக்குக் கேக்கை வெட்டியபோது குழந்தை முழங்கை வரை க்ரீமில் இருந்தது. அண்ணியின் அம்மா இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, "கடை க்ரீம் மாதிரி இல்ல, பால் வாசன வருது. எப்படிப் பண்ணீங்க?" என்றார், என்னைப் பார்த்து.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நூத்துக்கு முப்பத்தேயு கொழுப்பு இருக்கணும் சம்மந்தி. கடையில விக்கிறது இருபத்தஞ்சு, அது நிக்காது. குயம்புக்குத்தான் ஆவும், அதுவும் அடுப்ப அணைச்சிட்டுத்தான் ஊத்தணும். ஆடையில கொழுப்பு நெறைய கீது, ஆனா காய்ச்சினா அதோட தோலு கியிஞ்சிடும், அப்பறம் காத்தப் புடிக்காது."

அண்ணியின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "காய்ச்சினாலா? அப்ப இத காய்ச்சவே இல்லியா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"சூடு காட்டணும், கொதிக்க விடக் கூடாது" என்றேன்.

"அதான்," என்றாள் அம்மா, "நான் அதத்தான் சொல்ல வந்தேன்."