அகிலாண்டம் போட்ட கையெழுத்து

தேவநாதன் சிதம்பரத்தில் வக்கீல் சந்திரலேகாவிடம் இருபத்தாறு வருஷமாகக் குமாஸ்தா. அவர் கை வழியாகப் போன நோட்டீஸ்களுக்குக் கணக்கில்லை. எந்த வாசலிலும் அவருக்குக் கால் கூசியதில்லை, ஒரு நோட்டீஸின் ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை.

கடலூரில் மகளோடு இருக்கும் ஞானாம்பாளின் வீடு வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அங்கே குடியிருந்த சிவசுப்ரமணியன் ஏழு மாதமாக வாடகை தரவில்லை, காலி செய்யவும் மறுத்தார். பாக்கியை ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யக் கோரி வாடகை கோர்ட்டில் மனுப் போடப்படும் என்று வக்கீல் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

திரும்பி வந்த அட்டையில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து: அகிலாண்டம்.

சிவசுப்ரமணியனின் மனைவி. செத்து ஒன்றரை வருஷமாகிறது. அப்போது சிவசுப்ரமணியனுக்காக வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸில் அலைந்ததே தேவநாதன்தான். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். சாட்சி இடத்தில் அகிலாண்டத்தின் கையெழுத்து, அதே இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.

"செத்தவங்க வாங்குனதா கோர்ட்ல காட்ட முடியாது," என்றார் சந்திரலேகா. "நேர்ல போய் அவரு கையில குடுங்க. வாங்கலன்னா கதவுல ஒட்டி, போட்டோ எடுத்துட்டு வாங்க."

மதியம் போனார். வெளியே வெயில் கொளுத்தியது, சந்துக்குள் மட்டும் ஈரக் குளிர். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாரு வந்துருக்காங்க, பாருங்க" என்றது. அந்தக் குரல் தேவநாதனுக்குத் தெரியும், அகிலாண்டத்தின் குரல்.

கதவைத் திறந்த சிவசுப்ரமணியன் கையில் செல்போன் இருந்தது. அதிலிருந்து அதே குரல், அதே வார்த்தைகள், மறுபடியும். மனைவி எப்போதோ அனுப்பிய பதிவு. அடுக்களை வாசலில் இரண்டு தட்டுகள், இரண்டிலும் சோறு. ஒன்றில் ஈ மொய்த்தது.

"வாடகைய அவதான் குடுப்பா. அவ வந்ததும் வீட்டுக்காரம்மாவ கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க."

"அவுங்க இல்லியே சார்."

"நான் காலி பண்ணிட்டா எங்க வந்து தேடுவா?"

தேவநாதன் நோட்டீஸை நீட்டினார். நகலில் கையெழுத்துக் கேட்டார். சிவசுப்ரமணியன் யோசிக்காமல் பேனாவை இடப்பக்கம் சாய்த்து எழுதினார். அகிலாண்டம்.

"உங்க பேரப் போடுங்க சார்."

அவர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். முதல் எழுத்து வரவில்லை. தேவநாதன் மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். சொல்லச் சொல்ல எழுதிய அந்த மனிதர் கடைசி எழுத்தில் தேம்பினார்.

அன்று சாயங்காலமே தேவநாதன், வக்கீலிடம் சொல்லிவிட்டு, காட்டுமன்னார்கோயிலில் இருந்த அகிலாண்டத்தின் அண்ணன் பஞ்சநாதனுக்குப் போன் செய்தார். கெடு முடியும் முன் பஞ்சநாதன் வந்து பாக்கியைக் கட்டினார். "வாங்க மாப்ள, நம்ம வூட்டுக்குப் போலாம்," என்று கையைப் பிடித்து அழைத்தார். சிவசுப்ரமணியன் மறுக்காமல் காரில் ஏறினார். ஏறியவர் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

கார் போன பிறகு தேவநாதன் காலி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பூட்டினார். ஞானாம்பாளைப் போனில் கூப்பிட்டார்.

"உள்ள யாரும் இல்லல்ல?" என்று கேட்டாள் அவள்.

சுலபமான கேள்விதான். தேவநாதன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான், "இல்லம்மா" என்றார்.