போர்டு பார்த்து ஏறிய பஸ்

அம்மா எழுத்துக் கற்றுக்கொண்டது ஏலக்கூடத்தில். காலையில் மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு, பிற்பகல் வெயிலில் அந்த இடம் ஒரு பெரிய ஈரக் கண்ணாடிபோலக் கிடக்கும். சாக்கு விரித்து ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகை தூணில் சாய்ந்திருக்கும். சொல்லிக்கொடுத்தவள் அடுத்த தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். அவளை இடுப்பில் தூக்கி வைத்துச் சோறூட்டியவர்களே மாணவிகள் என்பதால் "ஏளா டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையும் உரிமையும் அதில் பாதிப்பாதி.

என் பள்ளியில் அ, ஆ என்று தொடங்கினார்கள். அங்கே ட, ப, ம. நேர்க்கோடு மிகுந்த எழுத்துகள் முதலில். வளைவும் சுழியும் பிறகு. தெரிந்த சொல் ஒன்றை முழுதாக எழுதிக் காட்டி, மீனைத் துண்டு போடுவதுபோல அதைப் பிரித்து, துண்டுகளை மாற்றி வைத்து வேறு சொல் செய்வார்கள். படத்திலிருந்து மடம் வரும். அரிவாள்மணை பழகிய கைகள் அழுத்தி எழுதியதில் பலப்பங்கள் ஒடிந்துகொண்டே இருந்தன. தூத்துக்குடி என்ற பெயரில் அம்மாவுக்கு முதலில் பிடிபட்டது கடைசியில் நிற்கும் 'டி'தான். மற்றவை மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்து அதனோடு சேர்ந்துகொண்டன.

எங்கள் வீட்டில் அதுவரை படிக்கத் தெரிந்த பெரியவர் பெரியப்பா ஒருவர்தான். மாத்திரை அட்டையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அவர்தான் படித்துச் சொல்வார். படித்துச் சொன்னவரே, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அப்பா தலையாட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார். இதில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. எழுத்தும் முடிவும் ஒரே ஆளிடம் இருப்பது இயல்பு என்றே நானும் நினைத்திருந்தேன்.

அக்கா பத்தாம் வகுப்பு தேறியதும் பெரியப்பா இறால் கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்துவிட்டார். அக்காவுக்கோ தூத்துக்குடியில் விடுதியோடு இருந்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்க ஆசை. அப்பா மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்று மட்டும் சொன்னார். சேர்க்கைக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. அப்பா விடியுமுன்னே கடலுக்குப் போயிருந்தார்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அம்மா.

பெரியப்பா சிரித்தார். "நீயா? ஏறுத பஸ்ஸு எங்க போவுதுன்னு தெரியுமா ஒனக்கு? சாயங்காலம் ஒன்னத் தேட நாங்க ஆள் அனுப்பணும்."

"போர்டப் பாத்து ஏறுவேன் அத்தான்."

அம்மா எங்களுக்கு ஒரு கட்டளை போட்டாள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கக்கூடாது. படிப்பது அவள் மட்டும். கோயில் முற்றத்தில் பஸ் வந்து நின்றது. எந்தப் பக்கம் போகிற பஸ்ஸும் எங்கள் ஊருக்குள் வந்து அங்கேதான் வட்டமடித்துத் திரும்பும். அம்மா அதன் முன்னால் போய் நின்று, உதடு அசைய, தூ, த், து என்று ஏறி இறங்கி, "தூத்துக்குடி" என்றாள். அக்கா பார்த்தாள்; சரி. நானும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. முன்பெல்லாம் எந்தப் பஸ்ஸிலும் பத்துப் பேரிடம் கேட்காமல் ஏறாத அம்மா, அன்று ஒருவரிடமும் கேட்காமல் ஏறினாள்.

பஸ் போகப்போக அம்மா ஜன்னலோரம் இருந்து உலகத்தைப் படித்தாள். டீக்கடை, சைக்கிள் கடை, ஜெபக்கூட்டச் சுவரொட்டி. பாதிப் பெயரிலேயே பலகை பின்னால் ஓடிவிடும். மீதியை அவளே இட்டு நிரப்பிக்கொள்வாள். தூத்துக்குடி வழியில் இருக்கும் திருச்செந்தூருக்குப் போகும்போது எப்போதும் எதிர்ப்பக்க ஜன்னலில் இருக்கும் கடல், அன்று எங்கள் ஜன்னலிலேயே இருந்தது. கூடவே வந்தது. அம்மா படிக்கக் கற்றுக்கொண்டதால் கடல் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நான் நம்பினேன். கண்ணை மூடினாலும் திசை சொல்லக்கூடிய அம்மா அன்று கடலைப் பார்க்கவே இல்லை.

கூட்டத்தைத் தாண்டிக் கண்டக்டர் எங்களிடம் வந்து சேர நேரமாயிற்று. தூத்துக்குடி என்று அம்மா சொன்னதும் அவர் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, இது மணப்பாடுல்லா போவுது!"

"போர்டுல தூத்துக்குடின்னு போட்டிருக்கே அண்ணாச்சி."

"மணப்பாடுன்னும் போட்டிருக்குல்லா? ரெண்டு ஊருக்கும் ஒரே போர்டுதாம்மா. போறதும் இதுதான், வாரதும் இதுதான்."

அம்மா முகம் வெளுத்தது. தப்பாகப் படிக்கவில்லை, ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் பஸ் எந்தப் பக்கம் போகிறது என்பது எழுத்தில் இல்லை. அக்கா சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். மணப்பாட்டில் டீ குடித்துவிட்டு இதே வண்டி தூத்துக்குடிக்குத்தான் திரும்பும், இறங்காமல் இருங்கள் என்றார் கண்டக்டர்.

மணப்பாட்டில் குன்றின்மேல் சிலுவைக் கோயில் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. கீழே அலைகள் சத்தமே இல்லாமல் வந்து மணலைத் தொட்டுவிட்டுப் போயின. அம்மா எனக்குக் கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தாள். அக்காவின் கண்ணைத் துடைத்தாள். பிறகு பஸ்ஸின் முன்னால் போய் நின்று, அதே போர்டை மறுபடி முழுக்கப் படித்தாள். இரண்டு ஊரையும்.

திரும்பும் வழியில் பஸ் எங்கள் ஊருக்குள் நுழைந்தது. முற்றத்து வேப்பமரத்தடியில் பெரியப்பா நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா தன் தலையைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் இருவர் தலையையும் முன்சீட்டுக்குக் கீழே அழுத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கையாட்ட வேண்டும்போல இருந்தது. அம்மாவின் கை இன்னும் அழுத்தியது. பஸ் வட்டமடித்து வெளியேறும்வரை அவள் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

பள்ளி அலுவலகத்தை அடைக்கப்போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மேசைக்காரர் அம்மாவைப் பார்த்ததும் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து தள்ளினார். அம்மா அதை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். தன் பெயரை எழுதி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மா பார்க்கவில்லை.

"எந்தப் பிரிவு? அப்பா வரலியா? அவங்ககிட்ட கேட்டுட்டு வேணும்னா..."

கேட்டுவிட்டு வர இன்னொரு நாள் கிடையாது. சுவரில் ஒட்டியிருந்த பிரிவுப் பட்டியலை அம்மா நிதானமாக எழுத்துக்கூட்டினாள். அக்கா இரவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, விரலை அதன்மேல் வைத்தாள்.

"உயிரியல். இதப் போடுங்க. அவ அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சாயங்காலம் அப்பா கரையிலிருந்து வந்து, அக்காவைச் சேர்த்துவிட்டதைக் கேட்டுக்கொண்டே கையை உலர்த்தினார். "உயிரியல்னா என்ன படிப்பு?" என்று கேட்டார். பெரியப்பா பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். ஆனால் அப்பா பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவை. அவள் சொன்னாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் கேள்விகள் மெல்ல அம்மா பக்கம் முகம் திரும்பின.

பெரியப்பாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஒழுங்காகக் கிடைத்ததா என்று விசாரித்தார். போர்டைப் பார்த்துத்தான் ஏறினோம் என்றாள் அம்மா. அது பொய்யுமில்லை. உடனே அவர், தான் ஒருமுறை ஸ்ரீவைகுண்டம் போவதற்குப் பதிலாகச் சாத்தான்குளம் போய் இறங்கிய கதையைச் சொன்னார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். அடுத்து நம் மணப்பாட்டுக் கதைதான் என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையை அழுத்திக் கிள்ளினாள்.

பெரியப்பா தப்பான பஸ்ஸில் ஏறியதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றால், எங்களுடையதை மட்டும் ஏன் சொல்லக்கூடாது? எங்கள் கதையில் கடல்கூட இருந்தது. கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டு, ஒன்றும் புரியாமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.