முனாஸின் லீவும் பச்சைச் சரியும்

10.04.2025 – 3,240 லெய்
09.05.2025 – 3,240 லெய்
10.06.2025 – 1,690 லெய்

கிண்ணியா முனாஸுக்கு ருமேனியாவிலிருந்து வந்த கடைசி மூன்று சம்பளங்கள் இவை. அங்கே ஒரு கட்டுமானக் கம்பனியில் இரும்புக் கம்பி கட்டினார். சம்பளச் சீட்டும் லீவு விண்ணப்பமும் கம்பனியின் செயலியில்தான்; மொழி ருமேனியம். விடுதியில் இருந்த நம்மவர்கள் அதை வாசித்ததில்லை. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் பிழை, சீட்டின் அடியில் தடித்த எழுத்தில் இருப்பது கைக்கு வரும் காசு. அவ்வளவுதான் தெரியும்.

மனைவி நஜ்முன் நிஸாவுக்கு ஜூன் தொடக்கத்தில் பிரசவம். முனாஸ் மேற்பார்வையாளரிடம் கேட்டார், அவர் தலையாட்டினார். முன்பு திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கிய காலத்தில் அந்தத் தலையாட்டலே லீவு. பின்னர் செயலியிலும் மே 19 முதல் ஜூன் 13 வரை என்று பதிந்து, கீழேயிருந்த பட்டனை அமத்தினார். பச்சைச் சரி விழுந்தது. ஊருக்கு விமானம் ஏறினார்.

குழந்தை பிறந்த மறுவாரம் சம்பளச் சீட்டு வந்தது. ஏறக்குறையப் பாதி. லீவுச் சம்பளம் பிறகு தனியாக வருமாக்கும் என்றார் முனாஸ். நஜ்முன் நிஸாவுக்கு மனம் ஒப்பவில்லை. தன் கைப்பேசிக் கமராவை அவர் திரைக்கு மேலே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, காரணமில்லாம வராத மணித்தியாலம் எண்பது எண்டு கிடக்கு. சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

"ஓம், சொன்னனான்."

"ஆருக்கிட்ட?"

அவர் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜக்சனுக்கு அழைத்தார்.

"மச்சான், அந்தப் பச்சை எழுதி வைச்சாச்சு எண்டதுக்குத்தான். அனுப்புற பட்டன் மேல மூலையில கிடக்கு. போன வருசம் நானும் ஏமாந்தனான். ஆனா நான் கட்டில்லதான் படுத்துக் கிடந்தன், நீ கடல் தாண்டிப் போயிட்டாய்."

விண்ணப்பம் வரைவாகவே சாம்பல் நிறத்தில் கிடந்தது. முனாஸ் இப்போது அனுப்பினார். தொடங்கும் திகதி கடந்துவிட்டதென்று சிவப்பில் மறுத்தது. ஜக்சன் சொல்லித்தான் மணி அடையாளத்தைத் தொட்டார். அதில் ஏறியிருந்த எண்களைக் கம்பனி விளம்பரம் என்றே இதுவரை நினைத்திருந்தார். உள்ளே ஒரு அழைப்பு: வேலைக்கு வராதது பற்றி விசாரணை, ஜூன் 12 காலை ஒன்பது மணி, நேரில்.

அவருடைய டிக்கெட் 14ஆம் திகதிக்கு. முந்திய விமானங்களில் இடமில்லை. மனைவியின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படமெடுத்து, விளக்கம் எழுதி அனுப்பினார். பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. மேற்பார்வையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. வதிவிட அனுமதியும் அந்த வேலையோடுதான் கட்டப்பட்டிருந்தது.

13ஆம் திகதி காலை செயலி அவருடைய கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மத்தியானம் ஜக்சன் அழைத்தான். குரலில் பகிடி இல்லை.

"உன்ர உடுப்பையெல்லாம் கட்டி ஸ்டோரில போடச் சொல்லியிருக்கிறாங்கள், மச்சான். கட்டிலுக்கு வேற ஆள் வாறானாம். கடிதம் உன்ர ஊர் விலாசத்துக்குத் தபாலில வருமாம்."

முனாஸ் 14ஆம் திகதி விமானம் ஏறவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நின்றார்.

வேலை நீக்கக் கடிதம் பதிவுத் தபாலில் கிண்ணியாவுக்கு வந்தது 03.07.2025.