முப்பத்திரண்டு வரிகளும் ஒரு விரலும்

என் தமிழ் நடையில் எனக்கு ஒரு காலத்தில் காதலே இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நாலு வரிப் பாட்டு ஒன்றை ஒரே வாக்கியமாக்கி, வினைமுற்றை வாக்கியத்தின் கடைசியில் மணி அடித்தது போல வைப்பேன். பிறகு நானே அதை வாசித்து நானே தலையாட்டுவேன்.

அறுபதுகளில் செஞ்சி பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்த ஒரு சமணப் பெரியவர், தம் குடும்பத்தின் பழைய நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். எட்டுப் பிராகிருதப் பாட்டுகள், பாட்டுக்கு நாலு வரி. மேல்சித்தாமூர்ச் சமண மடத்துப் பண்டிதர் ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் கீழே சொல்லுக்குச் சொல் தமிழில் பொருள் எழுதியிருந்தார். “அறுபது வருஷமா வாயால சொல்றேன் வாத்தியாரே, தனித்தனிச் சொல்லா படிச்சா இன்னா சொல்றேன்னு தெரியல” என்றார். எட்டுப் பாட்டையும் எட்டு வாக்கியமாக்கிக் கொடுத்தேன். வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு வயிற்றில் கட்டி. டாக்டர்கள் கைவிட்டதும், தம் மதத்து வழக்கப்படி உணவை விட்டு உயிரை விடும் நோன்பு ஏற்றார். மண்டிக்குப் பின்கட்டில் பாயில் கிடந்தார். போவதற்கு முன் அந்தப் பாட்டுகளைப் பொருளோடு கேட்க வேண்டும் என்றார். மகள் ஒரு வரி மூலம் சொல்ல, நான் அந்த வரிக்குத் தமிழ் சொல்ல வேண்டும்.

முதல் பாட்டின் முதல் வரியை மகள் சொன்னாள். நான் என் வாக்கியத்தைத் தொடங்கினேன்: “இரவு தங்கிய பறவை விடிந்ததும் கிளையைத் திரும்பிப் பாராமல் பறந்துபோவது போல…”

பெரியவர் கண்ணைத் திறந்தார். “இது இந்த வரியா?”

மகள் நோட்டைப் பார்த்தாள். “இல்ல நைனா. இந்த வரியில ‘போகிறேன் நான்’னுதான் இருக்குது.”

“நான் கெளம்பிட்டேன். வாத்தியார் இன்னும் பறவையப் புடிச்சிட்டு நிக்கிறாரு.”

வீட்டுக்கு வந்து, வாக்கியத்தின் சொற்களை எண்ணி நாலு சமத் துண்டாக வெட்டினேன். துணி கிழிப்பவன்கூட நூலைப் பார்த்துக் கிழிப்பான். மறுநாள் மூன்றாம் வரி ‘போல, இந்த உடம்பை’ என்று முடிந்தது. நான் நிறுத்தினேன். மகள் அடுத்த மூலவரிக்கு வாயெடுத்தாள்.

“உடம்ப?” என்றார் பெரியவர். “உடம்ப இன்னா பண்ணணும்?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் குரல் நேற்றைவிடப் பாதியாகியிருந்தது. இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று மகள் வாசலில் சொன்னாள்.

அன்று நோட்டையும் வாங்கி வந்து, மாலையில் என் வாக்கியங்களை வாய்விட்டு வாசித்தேன். குரல் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ‘தங்கிய’ என்று நிறுத்த முடியவில்லை; பறவை வந்தால்தான் நிற்க முடிந்தது. பிறகு பண்டிதரின் பொருளை வைத்துக்கொண்டு, துண்டுகளை மூலத்தின் வரிசைக்கு மாற்றினேன். நான் பெருமைப்பட்ட ‘போல’ எங்கேயும் பொருந்தாமல் மிஞ்சியது. எடுத்துவிட்டேன். வந்தது இவ்வளவுதான்:

போகிறேன் நான்
இந்த உடம்பை விட்டு.
இரவு தங்கிய பறவை
விடிந்ததும் கிளையைத் திரும்பிப் பாராது.

ஆறாம் பாட்டில் இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தேன். தையலைப் பிரித்தால் இரண்டு பக்கமும் பிசிறு. அதைப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி, மதியத்துக்குள் முப்பத்திரண்டு வரியையும் முடித்துக்கொண்டு ஓடினேன்.

அவரால் பேச முடியவில்லை. கேட்டதற்கு அடையாளமாக வலது ஆள்காட்டி விரலைத் தூக்குவார் என்றாள் மகள். அவள் மனப்பாடமாக ஒரு வரி, நான் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் அந்த விரல் பாயிலிருந்து அரை அங்குலம் எழுந்தது. இப்போது ஒரு வரியும் முந்தவில்லை, பிந்தவில்லை. இந்த மனுஷர் அறுபது வருஷம் சொன்னது இப்போதுதான் அவருக்குப் போய்ச் சேருகிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரியைச் சொன்னேன். அந்த நேரத்திலும் என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் பாட்டின் மூன்றாம் வரியில் விரல் எழவில்லை. மகள் நிறுத்தவில்லை. எட்டாம் பாட்டையும் நாங்கள் மாறி மாறிச் சொல்லி முடித்தோம். அதன்பிறகுதான் அவள் அவர் கண்களை மூடினாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் மண்டிப் பக்கம் போனேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “கடைசியில் அவருக்குப் பொருள் புரிந்தது, அதுவே எனக்குப் போதும்” என்றேன்.

மகள் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “நைனா வெரல் தூக்குனது நான் சொன்ன வரிக்கு சார். நீங்க தமிழ் சொல்றப்போ மூச்சு வாங்கிட்டு இருந்தாரு. அதுக்கு நல்லா ஒதவிச்சு.”